சரியான திருத்தம்தான், ஆனாலும் வேண்டாம்

"அவரே சரின்னு சொல்றாரு. அப்புறம் எதுக்கு சார் வேண்டாங்கறாரு?"

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கைப்பேசியை நீட்டிக் கேட்டார். ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஒன்றுக்கு அவர் ஒரு பேட்ச் அனுப்பியிருந்தார். முதல் பேட்ச். வெறும் 2 வரி. அதற்கு அந்த லைப்ரரியின் பராமரிப்பாளர் எழுதிய பதில் திரையில் இருந்தது. தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

"நன்றி. நீங்கள் காட்டிய பிழை உண்மையானது. உங்கள் திருத்தமும் சொன்னதைச் செய்கிறது. ஆனால் இது ஏற்கெனவே லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வெளியே தெரிகிற நடத்தையை மாற்றிவிடுகிறது. நேற்றுவரை விடை தந்த குவெரி, புது வெர்ஷனைப் போட்டதும் பிழை தரும். அதனால் இப்படியே சேர்க்க முடியாது. வேண்டியவர்கள் தாங்களாகப் போட்டுக்கொள்ளும் விருப்பமாக மாற்றி அனுப்பினால் பார்க்கிறேன்."

டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். இந்தப் பதில் மரியாதையாக எழுதப்பட்ட மறுப்பு என்று அவர் நினைத்திருந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வேலை செய்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்த 2 வரி எதைத் திருத்த வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த லைப்ரரி எஸ்கியூலைட் மேல் உட்கார்ந்திருப்பது. எஸ்கியூலைட் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தனி சர்வர் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு கோப்புக்குள் குடியிருக்கும் டேட்டாபேஸ் அது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் தொடங்கியது. உங்கள் கைப்பேசியில் இப்போதே பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும். நம் லைப்ரரி செய்வதெல்லாம் அந்தக் கோப்பைத் திறந்து, குவெரியை அனுப்பி, விடையை வாங்கித் தருவதுதான்.

எஸ்.கியூ.எல். மொழியில் மேற்கோள் குறிகளுக்கு ஒரு விதி உண்டு. மதிப்பாக வரும் எழுத்துகளை ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும். டேபிளின் பெயர், புலத்தின் பெயர் போன்றவற்றுக்கு மேற்கோள் தேவைப்பட்டால் இரட்டை மேற்கோள்.

```sql
SELECT * FROM bills WHERE "status" = 'paid';
```

இதில் `status` என்பது புலத்தின் பெயர். `paid` என்பது அதில் தேட வேண்டிய சொல். தர நிர்ணயம் சொல்வது இவ்வளவுதான். எஸ்கியூலைட் இதில் ஒரு சலுகை வைத்திருக்கிறது. இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது எந்தப் புலத்தின் பெயராகவும் இல்லாவிட்டால், அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிழை என்று கத்தாது. எஸ்கியூலைட்டை வடிவமைத்த காலத்தில் மைஎஸ்கியூஎல் 3 பரவலாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பழகியவர்கள் எழுதும் குவெரிகளும் ஓடட்டும் என்று கொடுத்த சலுகை இது. கொடுத்திருக்கவே கூடாது என்று எஸ்கியூலைட் குழுவே தன் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறது.

ஏன் கூடாது? எழுத்துப் பிழை ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டேபிளில் `year` என்ற புலம் இருக்கிறது. அவசரத்தில் எழுத்து இடம் மாறிவிட்டது.

```sql
DELETE FROM bills WHERE "yaer" > 2020;
```

`yaer` என்று எந்தப் புலமும் இல்லை. ஆகவே எஸ்கியூலைட் அதை நான்கு எழுத்துள்ள ஒரு சொல்லாக எடுத்துக்கொள்கிறது. இப்போது கேள்வி, அந்தச் சொல் 2020 என்ற எண்ணைவிடப் பெரியதா என்பது. இப்படிச் சொல்லையும் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் எஸ்கியூலைட்டில் சொல்தான் எப்போதும் பெரியது. ஆக நிபந்தனை ஒவ்வொரு வரிக்கும் உண்மையாகிவிடுகிறது. 2020-க்குப் பிறகான பில்களை அழிக்கச் சொன்னோம், டேபிள் முழுக்கக் காலி. ஒரு எச்சரிக்கைகூட திரையில் வராது. எதிர்த்திசையில் `<` போட்டிருந்தால் ஒன்றுமே அழியாது, அதுவும் சத்தமில்லாமல்.

இதைத்தான் நம் பெண் கண்டுபிடித்தார். நல்லவேளையாக சோதனைக் கோப்பில். எஸ்கியூலைட்டில் இந்தச் சலுகையை நிறுத்த இரண்டு சுவிட்ச் இருப்பதையும் தேடிப் பிடித்து, லைப்ரரி டேட்டாபேஸைத் திறக்கும் இடத்தில் சேர்த்து அனுப்பிவிட்டார்:

```c
sqlite3_db_config(db, SQLITE_DBCONFIG_DQS_DML, 0, NULL);
sqlite3_db_config(db, SQLITE_DBCONFIG_DQS_DDL, 0, NULL);
```

முதல் வரி `SELECT`, `DELETE` போன்ற அன்றாடக் குவெரிகளுக்கு. இரண்டாவது `CREATE TABLE`, `CREATE INDEX` போன்று டேபிளையே உருவாக்கும் கட்டளைகளுக்கு. இப்போது `yaer` என்று எழுதினால் அப்படிப் புலம் இல்லை என்று உடனே பிழை வரும். டேபிள் தப்பிக்கும். பதிலின் முதல் இரண்டு வாக்கியங்கள் ஒப்புக்கொள்வது இதைத்தான். அது முகத்துக்காகச் சொன்னதல்ல. பிழை உண்டா, திருத்தம் வேலை செய்கிறதா என்ற இரண்டு விவாதத்தையும் அங்கேயே முடித்துவிட்டார். இனிமேல் பேச்சு மூன்றாவது விஷயத்தைப் பற்றி மட்டும்.

"இதை வெச்சா யாருக்கு சார் நஷ்டம்?" என்றார்.

இப்படி எழுதியவருக்கு:

```sql
SELECT * FROM bills WHERE status = "paid";
```

இது தவறான எழுத்து முறைதான். ஆனால் எஸ்கியூலைட்டில் சரியான விடையைத் தருகிற தவறு. `paid` என்ற பெயரில் புலம் இல்லாதவரை, எழுதியவர் என்ன நினைத்தாரோ அதுவே நடக்கும். வேறு மொழிகளில் இரட்டை மேற்கோளுக்குப் பழகிய கை இப்படித்தான் எழுதும். ஓட்டிப் பார்த்தார், விடை வந்தது, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பராமரிப்பாளருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. லைப்ரரியை இறக்கிக்கொள்கிறவர்கள் எவரும் தங்கள் குவெரிகளை அவருக்கு அனுப்பி வைப்பதில்லை.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே சார்."

ஆகத்தான் செய்யும். அந்த டெஸ்ட்களை எழுதியவர்கள் லைப்ரரியைச் செய்தவர்கள். அவர்களுக்கு மேற்கோள் விதி தெரியும், ஒற்றை மேற்கோளில்தான் எழுதியிருப்பார்கள். லைப்ரரி தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று அந்த டெஸ்ட்கள் பார்க்கின்றன. வெளியே இருப்பவர்கள் எதை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த மாதிரி பேட்ச் விஷயத்தில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்பது நல்ல சேதியே அல்ல. இந்த நடத்தையை நாம் சோதிக்கவே இல்லை என்ற தகவல், அவ்வளவுதான்.

அடுத்து அவர் சொன்னதுதான் பெரும்பாலானவர்கள் சொல்வது. பிழைச் செய்தி தெளிவாக வருகிறது, இந்தப் புலம் இல்லை என்று பெயரோடு சொல்கிறது, பார்த்தவுடன் ஒற்றை மேற்கோளாக மாற்றிவிடலாம், ஒரு நிமிட வேலை. உண்மைதான். யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி.

குவெரி என்பது நிரலுக்குள் ஒரு எழுத்துச் சரமாக உட்கார்ந்திருக்கிறது. கம்பைலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே புது வெர்ஷனைப் போட்டு பில்ட் செய்யும்போது எந்தத் தடங்கலும் வராது. அந்தக் குவெரி ஓடும் நேரத்தில்தான் பிழை வரும். தினமும் ஓடும் குவெரி என்றால் அன்றைக்கே பிடிபட்டுவிடும். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கு அறிக்கையில் இருந்தால்? ஜூலையில் வெர்ஷன் மாறியிருக்கும், மார்ச் கடைசியில் கடைக்காரர் அறிக்கைப் பொத்தானை அழுத்துவார், அப்போது `no such column: paid` என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு நிமிட வேலையைச் செய்யக்கூடியவர் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பார். ஜூலையில் நடந்ததையும் மார்ச்சில் விழுந்ததையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்கும் நாளாகும்.

இதைவிட விஷமமான ஒன்று இரண்டாவது சுவிட்சில் இருக்கிறது. ஒரு செயலி முதன்முதலாக ஓடும்போது தனக்கு வேண்டிய டேபிளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அந்தக் கட்டளையில் இப்படி ஒரு துண்டு இருக்கிறது என்று வையுங்கள்:

```sql
CREATE TABLE bills (
  id INTEGER PRIMARY KEY,
  status TEXT CHECK (status IN ("paid", "due"))
);
```

பழைய கைப்பேசிகளில் இந்த டேபிள் ஏற்கெனவே உருவாகிவிட்டது. கோப்பில் எழுதி வைத்த கட்டளையைத் திரும்பப் படிக்கும்போது எஸ்கியூலைட் பழைய சலுகையையே கொடுக்கிறது, சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தாலும். ஆகவே அங்கே எல்லாம் ஓடும். செயலியை எழுதியவரின் கைப்பேசியிலும் ஓடும், அவரிடம் இருப்பதும் பழைய கோப்புதானே. புதிதாக நிறுவுகிறவரிடம் மட்டும் `CREATE TABLE` கட்டளை புதிதாக ஓடி, `paid` என்ற புலம் இல்லை என்று விழும். ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரும் புகார் சொல்ல மாட்டார். புதிதாக வருகிறவர்கள் நிறுவிப் பார்த்து, திறக்கவில்லை என்று அழித்துவிட்டுப் போவார்கள். இந்தப் பிழையைப் பிடிக்க வேண்டுமென்றால் கோப்பை அழித்துவிட்டு வெறுமையிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை எத்தனை பேர் செய்கிறோம்?

இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தப்பா எழுதினவங்களுக்காக, சரியா எழுதறவங்க காலம் பூரா அந்தக் குழியோட இருக்கணுமா?" என்றார்.

நியாயமான கோபம். பராமரிப்பாளரின் பதிலில் இதற்கு நேர் விடை இல்லை. நான் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். இரண்டு நஷ்டமும் ஒரே ஆள் மேல் விழவில்லை, ஒரே நேரத்திலும் விழவில்லை. எழுத்துப் பிழையால் வரும் ஆபத்து, குவெரியை இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவருக்கு வருகிறது. அவர் திரைக்கு முன்னால் இருக்கிறார், சோதித்துப் பார்க்கலாம், சுவிட்சைப் போட்டுக்கொள்ளலாம். டீஃபால்ட்டை மாற்றினால் வரும் ஆபத்து, எதையும் தொடாமல் இருந்தவருக்கு வருகிறது. அவர் செய்தது வெர்ஷன் எண்ணை ஏற்றியது மட்டும். பல நேரம் அதையும் அவர் செய்திருக்க மாட்டார். அவர் பயன்படுத்தும் வேறொரு லைப்ரரி இந்த லைப்ரரியை உள்ளே இழுத்து வந்திருக்கும்.

வெர்ஷன் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான திட்டங்களில் எண் மூன்று துண்டாக இருக்கும். கடைசித் துண்டு ஏறினால் பிழை திருத்தம், நடுத் துண்டு ஏறினால் புது வசதி, முதல் துண்டு ஏறினால் பழையது உடையலாம், பார்த்துப் போடு என்று அர்த்தம். நம் பெண் இதைப் பிழை திருத்தம் என்று குறித்து அனுப்பியிருந்தார். கடைசித் துண்டு மட்டும் ஏறினால் பலரிடம் அது தானாகவே இறங்கிவிடும். யாரும் படித்துப் பார்க்காத வாசல் வழியாக ஒரு நடத்தை மாற்றத்தை அனுப்பப் பார்த்திருக்கிறார். அறியாமல்தான்.

இதே சிக்கலை எஸ்கியூலைட் குழு எப்படிக் கையாண்டது என்று பார்த்தால், பதிலின் கடைசி வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். சலுகை தவறு என்று தெரிந்தும் அவர்கள் அதை எடுக்கவில்லை. கணக்கில்லாத செயலிகள் அதை நம்பி இருக்கின்றன என்று ஆவணத்திலேயே காரணம் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வந்த 3.27.0-ல் ஒரு சின்ன வேலை செய்தார்கள். இரட்டை மேற்கோள் எழுத்தாக எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு முறையும் பிழைப் பதிவுக்கு ஒரு எச்சரிக்கை போகும். குவெரி வழக்கம்போல ஓடும், விடையில் மாற்றம் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் 3.29.0-ல் நாம் மேலே பார்த்த இரண்டு சுவிட்சும் வந்தன. டீஃபால்ட் பழையபடியே. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கம்பைல் செய்யும்போதே `-DSQLITE_DQS=0` போட்டு இந்தச் சலுகையை அடைத்துவிடுங்கள் என்று பரிந்துரை மட்டும் உண்டு.

பிறகு 2023 பிப்ரவரியில், 3.41.0-ல்தான் ஒரு டீஃபால்ட்டை மாற்றினார்கள். அதுவும் லைப்ரரியில் அல்ல. மனிதர்கள் நேரே தட்டச்சு செய்யும் `sqlite3` என்ற கட்டளைத் திரையில் மட்டும். ஏன் அங்கே மட்டும் என்றால், என் ஊகம் இது: அங்கே பிழை வந்தால் குவெரியை எழுதிய ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த விநாடியே திருத்தி எழுதுவார். அதை ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்து ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் அடி விழுந்திருக்கும்தான். பழைய நடத்தை வேண்டுமென்றால் `.dbconfig` கட்டளையால் திரும்பக் கொண்டுவரலாம். செயலிகளுக்குள் புதைந்திருக்கும் லைப்ரரியில் கை வைக்கவில்லை.

எஸ்கியூலைட்டில் இப்படி விட்டுவைத்த தழும்பு இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். `PRIMARY KEY` என்று சொன்ன புலத்தில் வெறுமை, அதாவது `NULL`, இருக்கக் கூடாது என்பது தர நிர்ணயம். எஸ்கியூலைட்டின் ஆரம்ப வெர்ஷன்களில் இருந்த ஒரு பிழையால் பல வகை டேபிள்களில் அது அனுமதிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தபோது அப்படிப்பட்ட கோப்புகள் உலகம் முழுக்கப் போய்விட்டிருந்தன. பழைய டேபிளை அப்படியே விட்டார்கள். பின்னாளில் `WITHOUT ROWID` என்றும் `STRICT` என்றும் புது வகை டேபிள்கள் வந்தபோது அவற்றில் விதியைச் சரியாக அமலாக்கினார்கள். புதிய சொல்லை எழுதுகிறவர் புதிய விதியைக் கேட்டு வாங்குகிறார். எழுதாதவருக்கு எதுவும் மாறவில்லை. நம் பராமரிப்பாளர், விருப்பமாக மாற்றி அனுப்புங்கள் என்று கேட்டதும் இந்த முறையைத்தான்.

எல்லாப் பழக்கத்தையும் இப்படிக் காப்பாற்ற வேண்டுமா என்றால், இல்லை. `ORDER BY` போடாமல் ஒரு டேபிளைக் கேட்டால் வரிகள் எந்த வரிசையில் வரும் என்று எஸ்கியூலைட் வாக்குக் கொடுக்கவில்லை. வழக்கமாக உள்ளே போட்ட வரிசையில் வருவதால் சிலர் அதை நம்பி எழுதிவிடுகிறார்கள். நாளைக்கு அது மாறினால் அவர்கள் உடைவார்கள். இருந்தாலும் அந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டியதில்லை என்பது பொதுவான நிலைப்பாடு. அப்படி நம்பியிருக்கிறோமா என்று நாமே சோதித்துக்கொள்ள `PRAGMA reverse_unordered_selects` என்று ஒரு வசதியே வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் வரிசை கேட்காத `SELECT` பலவற்றில் வரிகள் தலைகீழாக வரும். நம் செயலி தடுமாறினால் காரணம் தெரிந்துவிடும். இரட்டை மேற்கோள் அப்படியல்ல. இது நடக்கும் என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்ததை நம்பினவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

பாதுகாப்பு ஓட்டை என்றாலும் கணக்கு மாறும். எவனோ ஒருவன் வெளியிலிருந்து கோப்பைப் படித்துவிடலாம் என்ற நிலை இருந்தால், பத்துப் பேர் உடைந்தாலும் அடைத்தே ஆக வேண்டும். நம் பெண்ணும் அந்த வாதத்தைத் தொட்டுப் பார்த்தார்: டேபிள் முழுக்க அழிந்துபோவது பாதுகாப்புப் பிரச்சினை இல்லையா? இல்லை. அந்த `DELETE` வரியை எழுதியவர் செயலியின் சொந்தக்காரர். அவருடைய எழுத்துப் பிழையை அவரிடமிருந்து காப்பாற்றுவது நல்ல காரியம், அவ்வளவே.

ஒரு விஷயத்தில் மட்டும் பராமரிப்பாளர்களை நான் முழுக்க நம்புவதில்லை. இதை அடுத்த பெரிய வெர்ஷனில் பார்ப்போம் என்று பலர் எழுதுவார்கள். அந்தப் பெரிய வெர்ஷன் பல திட்டங்களில் வருவதே இல்லை. நம் ஆள் அப்படி எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதனால்தான் இது மறுப்பாகத் தெரியவில்லை எனக்கு.

டீ முடிந்து மேசைக்குப் போனதும் பேட்சைத் திருத்த உட்கார்ந்தோம். டேட்டாபேஸைத் திறக்கும்போது கொடுக்கும் அமைப்புப் பட்டியலின் கடைசியில் ஒரு புது உறுப்பு சேர்த்தார்.

```c
if (opts->strict_quotes) {
    sqlite3_db_config(db, SQLITE_DBCONFIG_DQS_DML, 0, NULL);
    sqlite3_db_config(db, SQLITE_DBCONFIG_DQS_DDL, 0, NULL);
}
```

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் அவர் `allow_legacy_quotes` என்று பெயர் வைத்திருந்தார். அதாவது பழைய நடத்தை வேண்டுமென்றால் 1 போட வேண்டும். பட்டியல் முழுவதையும் 0-வால் நிரப்பிவிட்டுத் தனக்கு வேண்டியதை மட்டும் எழுதுவது சி மொழிக்காரர்களின் வழக்கம். புது உறுப்பைப் பற்றிக் கேள்விப்படாதவரிடம் அது 0-வாகவே இருக்கும். அப்படியானால் 0 என்பதற்குப் பழைய நடத்தை என்றுதான் பொருள் இருக்க வேண்டும். பெயரைத் திருப்பிப் போட்டால், தள்ளிவிட்ட பேட்ச் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்ததாகிவிடும்.

கூடவே, சுவிட்சைப் போடாமலேயே தங்கள் குவெரிகளில் இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு வழியும் ஆவணத்தில் சேர்க்கச் சொன்னேன். எஸ்கியூலைட்டில் எதையும் தொடங்குவதற்கு முன் `SQLITE_CONFIG_LOG` மூலம் நம் ஃபங்ஷன் ஒன்றைப் பதிந்து வைத்தால், பிழைப் பதிவுக்குப் போகும் செய்திகள் நம் கைக்கு வரும். செயலியை ஒரு நாள் ஓட்டிவிட்டு, அதில் `double-quoted string literal` என்று தொடங்கும் வரிகளைத் தேடினால் போதும். எந்தச் சொல் என்பதையும் அதே வரி சொல்லிவிடும். அந்த ஒரு நாளில் ஓடாத குவெரி பிடிபடாது. ஆகவே ஆண்டறிக்கைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும், கோப்பை அழித்து முதலிலிருந்தும் ஓட்ட வேண்டும்.

புது பேட்சுக்குப் பதில் வந்தது. ஏற்றுக்கொள்கிறேன், ஒரு மாற்றம் மட்டும் வேண்டும் என்றிருந்தார். ஒரே உறுப்பில் இரண்டு சுவிட்சையும் கட்ட வேண்டாம். குவெரிகளைத் திருத்திவிட்டவர்களிடம்கூட பழைய `CREATE TABLE` ஸ்கிரிப்ட்கள் அப்படியே கிடக்கும், அவர்கள் முதல் சுவிட்சை மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்பது காரணம். எஸ்கியூலைட்டும் `SQLITE_DQS`-க்கு 0, 1, 2, 3 என்று நான்கு மதிப்பு வைத்திருப்பது இதே காரணத்துக்காகத்தான் இருக்க வேண்டும். 3 என்றால் சலுகை இரண்டு இடத்திலும் உண்டு, 0 என்றால் இரண்டிலும் இல்லை, 2 என்றால் டேபிள் உருவாக்கும் கட்டளைகளுக்கு மட்டும் உண்டு. உறுப்பை `strict_quotes_dml`, `strict_quotes_ddl` என்று இரண்டாகப் பிரித்து அன்று மாலையே அனுப்பிவிட்டார்.